பிற்பகல்

கள்ளக்குறிச்சியை விட்டு நகராமலே நான் மூன்று மாவட்டங்களில் வேலை பார்த்தேன். 1986-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது எங்கள் ஊர் தென்னாற்காடு மாவட்டம். கலெக்டர் ஆபீஸ் கடலூர் மஞ்சக்குப்பத்தில். 1993 செப்டம்பரில் விழுப்புரம் பிரிந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே மாவட்டமானது. முப்பத்தேழு வருஷ வேலையில் எத்தனையோ வழியனுப்பு விழாக்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறேன், பேனர் கட்டியிருக்கிறேன், நன்றியுரை சொல்லியிருக்கிறேன். அதில் இரண்டு மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. ஒன்று 1988-ல் கடலூரில் நடந்தது. மற்றது கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு.

எனக்குச் சொந்த ஊர் வெள்ளிமலைக்கு மேற்கே ஒரு சிற்றூர். கல்வராயன்மலையில் பிறந்த மலையாளி நான். 1976 வரை எங்கள் மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அரசாங்கம் ஜாகீரை எடுத்துக்கொண்டபோது எனக்குப் பதிமூன்று வயது. அதுவரை நிலத்துக்கு ஜாகீர் ஆள் கொடுத்த ரசீதுதான் அத்தாட்சி. பிறகு அளவைக்காரர்கள் சங்கிலியோடு வந்தார்கள். பட்டா, சிட்டா என்ற வார்த்தைகள் மலைக்கு வந்தன. அப்பா உழுத இரண்டு ஏக்கர் புன்செய் அந்தக் கணக்கில் வேறொருவர் பேரில் ஏறிவிட்டது. அப்பா ஒவ்வொரு படியாக மனுப் போட்டு, கடைசியில் கடலூரில் ஒரு மேலதிகாரி முன்னால் அந்த வழக்கு வந்து நின்றது.

கடலூருக்குப் போவது எங்களுக்கு இரண்டு நாள் காரியம். பஸ் வரும் இடம்வரை நடக்க வேண்டும். கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தால் இருட்டிவிடும். இரவு பஸ் ஸ்டாண்டில் துண்டை விரித்துப் படுத்து, காலையில் மஞ்சக்குப்பத்து மரத்தடியில் காத்திருக்க வேண்டும். அப்பா நான்கு முறை அப்படிப் போனார். நான்காவது முறை அதிகாரி முழுசாகக் கேட்டார். ஜாகீர் ரசீதை வாங்கிப் பார்த்து ஃபைலில் வைத்தார். "உத்தரவு தபாலில் வரும், போய்ட்டு வாங்க" என்று நல்லவிதமாகத்தான் சொல்லி அனுப்பினார்.

இரண்டு வாரத்தில் அவருக்கு மாறுதல் வந்தது. அந்தக் காலத்து மாறுதல் நிதானமாக வரும். தந்தி வந்து, அதன் பிறகு ஆணை வந்து, அதிகாரி புறப்படப் பத்து நாளாகும். விழாவுக்கு நேரம் இருந்தது. தாலுகா ஆபீஸ்களுக்கெல்லாம் சந்தா எழுதும் தாள் வந்தது. ஒவ்வொரு பதவிக்கும் இவ்வளவு என்று முன்பே எழுதியிருந்தது. கடைநிலை ஊழியர்களுக்கு ஐந்து ரூபாய். சம்பள நாளன்று கையெழுத்து வாங்கும்போதே அதைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஆபீஸில் இரவுக் காவலாக இருந்த பெரியவர் அந்த மாதம் மிச்சச் சம்பளத்தை இரண்டு முறை எண்ணிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

விழாவுக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்து மடலைச் சுமந்து போவது என் வேலை. சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பந்தல், நாதஸ்வரம், ஆள் உயர ரோஜா மாலை எல்லாம் இருந்தன. மடலை ஒருவர் ராகம் போட்டு வாசித்தார். ஏழைகளின் மனுவைத் தாமதிக்காதவர் என்று அதில் ஒரு வரி. அப்பாவின் ஃபைல் அப்போது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகுதான் தெரிந்தது. உத்தரவு எழுதாத ஃபைல்களை ஒரு தகரப் பெட்டியில் கட்டி, அதிகாரியின் சாமான்களோடு லாரியில் ஏற்றியிருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. அதில் போட்டிருந்த தேதி விழாவுக்கு இரண்டு நாள் முந்தியது. மனுதாரர் ஆவணம் எதையும் தாக்கல் செய்யவில்லை, ஆகவே மனு தள்ளுபடி என்று ஒரே பக்கம். ஜாகீர் ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் பின்தேதியிட்ட உத்தரவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். ஒரு உத்தரவு அதிகாரியின் கையை விட்டுப் புறப்பட்டால் தூய நகல் பிரிவில் தட்டச்சாகி, ஒப்பிடப்பட்டு, அனுப்புகைப் பதிவேட்டில் ஏறி, அதன் பிறகுதான் தபாலுக்குப் போகும். உத்தரவில் எந்தத் தேதியையும் எழுதிக்கொள்ளலாம். அனுப்புகைப் பதிவேட்டின் வரிசை எண்ணை அப்படி மாற்ற முடியாது. முந்தின நாள் எண்ணுக்கும் மறுநாள் எண்ணுக்கும் நடுவில் இடம் இருக்காது. அப்பாவின் உத்தரவு ஏறியிருந்தது அதிகாரி போன பத்தொன்பதாம் நாள். தன்பதிவேட்டில் அந்த ந.க. எண்ணுக்கு எதிரே "அதிகாரியிடம்" என்று பென்சிலில் எழுதி, பிறகு அழித்த தடமும் இருந்தது. ஒன்றிரண்டு நாள் வித்தியாசம் எல்லா ஆபீஸிலும் வரும். இத்தனை நாள் வந்தால் உத்தரவு வேறு ஊரில் எழுதப்பட்டது என்றுதான் பொருள்.

மேலே போனோம். மறுவிசாரணைக்குத் திரும்பி வந்தது. இரண்டு வருஷம் கழித்து நிலம் அப்பா பேருக்கு வந்தது. அந்த இரண்டு வருஷத்தில் கடலூருக்கு அவர் இன்னும் ஐந்து முறை போனார். அதிகாரிமேல் அவர் ஒரு நாளும் கோபப்படவில்லை. "நாலு தரம் சொன்னேன், அவரு காதுல வாங்குனாரு. வாங்குனவரு போய்ட்டாரு" என்பார். அவ்வளவுதான்.

அப்பா சொன்னதைச் சட்டமும் சொல்கிறது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. 1950-களில் ஆந்திராவில் தனியார் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டபோது, ஆட்சேபணைகளைப் போக்குவரத்துச் செயலாளர் கேட்டார். முடிவை முதலமைச்சர் எடுத்தார். குல்லபள்ளி நாகேஸ்வர ராவ் என்பவர் வழக்குப் போட்டார். கேட்பவர் ஒருவர், தீர்ப்பவர் ஒருவர் என்றால் அது விசாரணையே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வருவாய்த் துறையில் விசாரணை நடத்தும் ஒவ்வொரு அதிகாரிக்கும் இது பொருந்தும். மாறுதல் வந்துவிட்டால், கேட்டு முடித்து உத்தரவு போடாத வழக்கையெல்லாம் அடுத்து வருபவர் திரும்பக் கேட்க வேண்டும். மாறுதல் ஆணையில் ஓர் அதிகாரியின் பெயர்தான் இருக்கும். அதனால் மறுபடி பஸ் ஏற வேண்டியவர்களின் பெயர்கள் எந்த ஆணையிலும் இருக்காது.

இனி கள்ளக்குறிச்சிக்கு வருகிறேன். அப்போது நான் துணை வட்டாட்சியர். மாவட்ட வருவாய் அலுவலரின் விசாரணை வழக்குகளைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். 1983-ஆம் வருஷத்துப் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி, வட்டாட்சியர் உத்தரவின்மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். கோட்டாட்சியர் உத்தரவின்மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு கேட்கலாம். அதற்கும் மேலே சிவில் கோர்ட்டுக்கும் ஹைகோர்ட்டுக்கும்தான் போக வேண்டும். அந்தச் செலவு மலைக்காரர்களால் தாங்க முடியாது. அதனால் டிஆர்ஓ முன்னால் நிற்பதுதான் அவர்களுக்குக் கடைசிப் படி.

அப்போது இருந்த டிஆர்ஓ ஒரு பெண். எல்லோரும் மேடம் என்போம். மலையிலிருந்து வருகிறவர்கள் அம்மா என்பார்கள். மாறுதல் ஆணை ஒரு ராத்திரி எட்டே முக்கால் மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. நாற்பது பேர் கொண்ட பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. இந்தக் காலத்து மாறுதல் இப்படித்தான் வருகிறது. பத்து நாள் கிடையாது, மறுநாளே விடுவிப்பு.

மறுநாள் காலை எட்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். விழாவைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்துப் போனேன். "கேட்டு முடிச்சு உத்தரவு போடாதது எத்தனை இருக்கு சார்?" என்றார். பதினொன்று இருந்தது. பட்டியலை நீட்டினேன்.

ஒவ்வொன்றாகத் திரையில் திறந்து பார்த்தார். நான்கில் உத்தரவின் வரைவு மாறுதல் ஆணைக்கு முன்பே எழுதி முடிந்திருந்தது. மின் அலுவலகத்தில் ஒவ்வொரு குறிப்புக்கும் நாளும் மணியும் தானாகப் பதிவாகிவிடும்; யாரும் பின்தேதி போட முடியாது. அந்த நான்கையும் திரும்பப் படித்து, அன்றைய தேதியிலேயே டிஜிட்டல் கையொப்பம் போட்டார். விடுவிக்கப்படும் நிமிஷம்வரை அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. மாறுதல் வந்த பிறகு கையெழுத்துப் போட்டால் யாராவது ஏதாவது சொல்லமாட்டார்களா என்று கேட்டேன். "வரைவு எப்ப எழுதினேன்னு இதுலயே இருக்கு. யார் வேணும்னாலும் பாக்கட்டும்" என்றார்.

மீதி ஏழு. அதில் ஒன்று வெள்ளிமலைப் பக்கத்து மூதாட்டி ஒருவருடையது. கணவர் இறந்த பிறகு கூட்டுப் பட்டாவிலிருந்து இவர் பெயர் விடுபட்டு, கொழுந்தன் பெயர் மட்டும் நின்றது. கோட்டாட்சியர் வரை தோற்றிருந்தார். அந்த வழக்கு எனக்கு மனப்பாடம். நானே கேட்டேன்: "மேடம், இது ஒண்ணாவது. நிலைமை தெளிவாத்தானே இருக்கு?"

மேடம் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெளிவாத்தான் இருக்குன்னு உங்களுக்கும் எனக்கும் தோணுது. கொழுந்தன் தரப்புல போன வாரம் ஒரு பழைய பாகப்பத்திரம் குடுத்தாங்க. அதை நான் இன்னும் முழுசாப் படிக்கல. மூணு மணி நேரத்துல ஏழு உத்தரவு எழுதினா ஒண்ணாவது தப்பாப் போகும். தப்பு இந்த அம்மா பக்கம் போச்சுன்னா?" என்றார்.

அப்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எங்கள் மலைக்காரர், எங்கள் அம்மா வயசு. அவர் திரும்பவும் மலையிறங்கி வர வேண்டுமே என்றுதான் தோன்றியது. அப்பாவின் தள்ளுபடி உத்தரவு ஒரே பக்கத்தில் இருந்தது கொஞ்சம் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. அந்த அதிகாரியும் அவசரத்தில்தான் எழுதியிருப்பார்.

மூன்று மணி நேரத்தில் மேடம் செய்தது வேறு வேலை. ஏழு ஃபைல்களிலும் ஒவ்வொரு குறிப்பு எழுதினார். யார் யாருடைய வாக்குமூலம் எந்தத் தேதியில் பதிவானது, எந்தெந்த ஆவணம் குறியிடப்பட்டது, எது அசல், எது நகல், எதைப் படிக்க வேண்டியிருக்கிறது என்று மட்டும். தன் கருத்து என்ன என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்து வருபவரின் மனசை முன்கூட்டியே சாய்க்கக் கூடாது என்றார். வாக்குமூலங்கள் கைரேகையோடும் கையெழுத்தோடும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால், புதிதாக வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இரு தரப்பையும் ஒரு நாள் கூப்பிட்டு வாதத்தைக் கேட்டால் போதும். பதிவு அரைகுறையாக இருந்தால்தான் எல்லோரும் முதல் படிக்கே திரும்ப வேண்டும். அப்பாவை ஐந்து முறை அலைய வைத்தது அந்த அரைகுறைதான்.

அடுத்து ஏழு வழக்குக்காரர்களுக்கும் நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். அதிகாரி மாறுதலில் செல்கிறார், ஏற்கனவே சொன்ன தேதியில் வர வேண்டாம், புதிய தேதி தெரிவிக்கப்படும் என்று. இதைப் பல ஆபீஸ்களில் யாரும் செய்வதில்லை. பழைய தேதியில் ஆட்கள் வந்து நின்று, "டிஆர்ஓ மாறிட்டாங்க" என்று காவலாளி சொல்லக் கேட்டுத் திரும்புவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியாக, தன் கணக்கில் இருந்த மற்ற மின் கோப்புகளையெல்லாம் அந்தந்தப் பிரிவுக்குத் திருப்பி அனுப்பினார். இதை மறந்துவிட்டுப் போனால் கோப்பு போனவரின் பெட்டியிலேயே மாட்டிக்கொள்ளும். தகரப் பெட்டி காலம் போய்விட்டது, ஆனால் ஃபைல் அதிகாரியோடு போகும் வழி இன்னும் ஒன்று இருக்கிறது.

விழா நாலு மணிக்கு. ஒரு மணி நேரம்தான். காலையிலேயே மேடம் இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். கடைநிலை ஊழியர்களிடம் பைசா வாங்கக் கூடாது. வாழ்த்து மடல் கூடாது. விதியும் அதைத்தான் சொல்கிறது. 1968-ஆம் வருஷத்து அகில இந்தியப் பணி நடத்தை விதிகளின்படி, ஐ.ஏ.எஸ். அதிகாரி அரசின் முன் அனுமதி இல்லாமல் வழியனுப்பு மடல் பெறக் கூடாது; மாறுதலின்போது தனிப்பட்ட முறையில், ஆடம்பரம் இல்லாமல் நடக்கும் உபசாரத்துக்குத் தடையில்லை. மாநில ஊழியர்களின் நடத்தை விதிகளிலும் இதே சாயல் உண்டு. முப்பது வருஷம் முன்னால் பட்டுத்துணியில் சுற்றி நான் சுமந்த அந்த மடலுக்கு அனுமதி வாங்கினார்களா என்று அன்றைக்குக் கேட்க எனக்குத் தெரியாது.

எங்கள் ஊழியர்களுக்கு மரச்சிற்பம் கொடுக்க ஆசை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து யார் போனாலும் அதைத்தான் கொடுக்கிறார்கள். மேடம் விலையைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். கடைசியில் நான் வீட்டில் வைத்திருந்த சாமை அரிசியில் இரண்டு கிலோவைத் துணிப்பையில் கொண்டுவந்தேன். அதை வாங்கிக்கொண்டார். பையை அவிழ்த்து, ஒரு பிடி உள்ளங்கையில் கொட்டி, முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். "இது உரல்ல குத்துனதா, மில்லுல அரைச்சதா?" என்று கேட்டார். உரல் என்றேன். தவிடு ஒட்டிய பழுப்பு நிறத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

வரவேற்புரை, துண்டு போர்த்துவது எல்லாம் வழக்கம்போல நடந்தது. டிரைவர் பேச எழுந்தார். மேடைப் பேச்சு பழக்கமில்லாதவர். ஒரு கையால் மைக்கையும் மறு கையால் மேசையையும் பிடித்துக்கொண்டார். "மேடம் காம்ப் போனா, சாப்பிட்டியான்னு எப்பவும் கேப்பாங்க. அது எல்லாரும் கேக்கறதுதான். ஆனா இவங்க, நான் சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் வண்டில ஏற மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டரங்கில் யாரும் கை தட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை.

மேடத்தின் ஏற்புரை ஐந்து நிமிஷம். ஒவ்வொரு பிரிவின் பெயரையும் சொல்லி நன்றி சொன்னார், துப்புரவுப் பணியாளர்கள் வரை. கடைசியில் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஏழு பேருக்கு நான் உத்தரவு போடாமப் போறேன். அதுல நாலு பேர் மலைக்காரங்க. அவங்க இங்க இல்ல. இருந்தா அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பேன். உங்ககிட்டக் கேக்கறது ஒண்ணுதான், அவங்க நோட்டீஸ் கைக்குப் போய்ச் சேரணும்."

முப்பத்தேழு வருஷத்தில் ஒரு வழியனுப்பு விழாவில் முடிக்காத வேலையின் எண்ணிக்கையைச் சொன்ன அதிகாரியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அடுத்து நன்றியுரை நான்தான். எழுதி வைத்திருந்ததை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "நோட்டீஸை நான் பாத்துக்கறேன் மேடம்" என்று மட்டும் சொல்லி முடித்தேன்.

எல்லா மாறுதலுக்கும் இப்படி ஒரு மணி நேரமாவது வாய்ப்பதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மாவட்ட ஆட்சியர் உடனே மாற்றப்பட்டார். நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிணங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த ஊரில் யார் யாருக்குத் துண்டு போர்த்துவது?

மேடம் விடைபெற்ற அன்று மாலை ஐந்தரைக்குப் பொறுப்பு ஒப்படைப்புச் சான்று எழுதினோம். புதியவர் இன்னும் வரவில்லை. கூடுதல் பொறுப்பில் இன்னொரு அதிகாரி வாங்கிக்கொண்டார். வாகனப் பதிவேடு, அலுவலக சிம் கார்டு, சாவிகள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன். அந்த டோக்கன் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதை அவர் மேசைமேல் வைத்தபோது டக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஆயிரக்கணக்கான பட்டாவும் வழக்கும் அதன் வழியாகத்தான் போயிருக்கின்றன. சான்றில் முற்பகல், பிற்பகல் என்று இரண்டும் அச்சடித்திருக்கும். ஒன்றை அடிக்க வேண்டும். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முற்பகலை அடித்தார். கையெழுத்தின் கீழ் நேரத்தையும் எழுதினார். நேரம் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போனேன். நோட்டீஸைச் சார்பு செய்ய வேண்டியது கிராம உதவியாளர். அவரோடு நானும் சேர்ந்துகொண்டேன். இப்போது வெள்ளிமலையிலேயே வட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. அப்பா பஸ்ஸுக்காக நடந்த தூரத்தை நாங்கள் இருபது நிமிஷத்தில் பைக்கில் கடந்தோம். மூதாட்டி வாசலில் மரவள்ளிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். உதவியாளர் நோட்டீஸை வாசித்துக் காட்டினார். கேட்டு முடித்து மூதாட்டி கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா போய்ட்டாங்களா?"

"போய்ட்டாங்க பாட்டி. உன்கிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க."

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "அப்ப நான் சொன்னதையெல்லாம் மறுபடி மொதல்ல இருந்து சொல்லணுமா?" என்றார். அப்பா இதே கேள்வியை 1988-ல் என்னிடம் கேட்டிருக்கிறார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

"வேணாம் பாட்டி. நீ சொன்னதெல்லாம் உன் கைரேகையோட ஃபைல்ல இருக்கு. ஒரு நாள் வந்து, ஆமா, நான் சொன்னதுதான்னு சொன்னாப் போதும்."

நோட்டீஸின் நகலில் ரேகை வைக்க மைப்பெட்டியை நீட்டினார் உதவியாளர். பாட்டி கிழங்குப் பால் ஒட்டிய விரலைச் சேலையில் இரண்டு முறை துடைத்துவிட்டு அழுத்தி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அன்னிக்கு எத்தனை மணி பஸ்ஸுக்கு வரணும்?" என்றார்.